கையால் கூட்டிய ஐந்தரை மணி

அந்த வருஷம் எனக்கு எதைப் பார்த்தாலும் அலுப்பாக இருந்தது. திலக் நகர் ஸ்டேஷனில் ஹார்பர் லைன் வண்டிக்கு நிற்பது அலுப்பு, ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஃபோர்ட் வரை நின்றபடியே போவது அதைவிட அலுப்பு. ஆபீசில் நுழைந்தால் காலையில் சிங்கப்பூர்காரர்களோடு மீட்டிங், சாயங்காலம் ஜெர்மனிக்காரர்களோடு மீட்டிங். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நேரம்தான் வேலை செய்வதற்கு. உலகத்தில் எல்லாருடைய நேரமும் எனக்குத் தெரியும், என்னுடைய நேரம் எங்கே போகிறது என்பது மட்டும் தெரியாது.

நான் வேலை பார்த்தது கப்பல்களை நிர்வகிக்கிற ஒரு கம்பெனியில். கப்பலை நான் பக்கத்தில் போய்ப் பார்த்தது இரண்டே தடவை. என் வேலை ஜாவாவில் புரோகிராம் எழுதுவது. கப்பலின் எஞ்சின் அறையில் ஏதாவது அலாரம் அடித்தால் அது அடித்த நேரம், யாராவது அதை நிறுத்தினால் நிறுத்திய நேரம், இரண்டும் செயற்கைக்கோள் வழியாக எங்களுக்கு வரும். வருவது எப்போதும் உலகப் பொது நேரத்தில். அதாவது யுடிசி. கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் அதுதான் வழக்கம்.

எனக்குப் பக்கத்து மேஜையில் ஒரு ஸார் இருந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், ரிட்டையர் ஆக ஆறு மாதம் இருந்தது. அந்தத் தகவல்களை வாங்கி டேட்டாபேஸ் டேபிளில் சேமிக்கும் புரோகிராம் அவர் எழுதியது. சேமித்ததை எடுத்து ரிப்போர்ட்டாகக் காட்டும் புரோகிராமும் முதலில் அவருடையதுதான். அதைப் புதிதாக எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கப்பல்களை மேற்பார்வை செய்யும் சூப்பரின்டெண்டென்ட்கள், ரிப்போர்ட்டில் இந்திய நேரம் வேண்டாம், கப்பலின் கடிகாரம் காட்டிய நேரம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எஞ்சின் அறையில் யார் எந்த வாட்ச், அதாவது எந்த நாலு மணி நேர முறை, பார்த்தார்கள் என்பதைக் கப்பல் நேரத்தில்தானே சொல்ல முடியும்.

பழைய புரோகிராமைத் திறந்து பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. டேபிளிலிருந்து எடுத்த நேரத்தை யுடிசி என்று வைத்து அச்சடித்துவிட்டு, மேலே தலைப்பில் 'இந்திய நேரம்' என்று போட்டிருந்தார். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தையே மறந்துவிட்டார் மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஸார், இது என்ன கூத்து?" என்று கேட்டேன்.

"அது அப்படித்தான். நன்னா ஓடிண்டிருக்கு. அதுல ஏன் கை வெக்கறே?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏன் அப்படி என்று இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வயதானவரின் பிடிவாதம் என்று முடிவுகட்டிவிட்டேன். எனக்கு நாற்பத்தொன்று ஆகியிருந்தது. என்னைவிட மூத்தவர்கள் எல்லாரும் சோம்பேறிகள், இளையவர்கள் எல்லாரும் அரைகுறைகள் என்று நினைக்கிற வயசு அது.

நான் எழுதியது சுத்தமாக இருந்தது. ஜாவாவில் நேரத்தைக் கையாள இரண்டு முக்கியமான வகுப்புகள் உண்டு. இன்ஸ்டன்ட் என்பது ஒரு கணம். அதற்கு ஊர் கிடையாது. செம்பூரில் ஒருத்தி தும்முகிற அதே கணம்தான் சீனக் கடலிலும். ஜோன்ட்டேட்டைம் என்பது அந்தக் கணத்தில் ஒரு குறிப்பிட்ட ஊரின் கடிகாரம் என்ன காட்டுகிறது என்பது. கணத்தை எடு, அதில் atZone என்று சொல்லி ஊரைக் கொடு, கடிகாரம் வந்துவிடும். கணம் மாறாது, பார்க்கிற கடிகாரம்தான் மாறும். கப்பல் தினமும் மத்தியானம் அனுப்பும் தகவலில் தன் கடிகாரம் யுடிசிக்கு எத்தனை மணி முன்னால் ஓடுகிறது என்று சொல்லிவிடும். அதை எடுத்துப் போட்டேன். வேறு எங்கேயாவது யாராவது கையால் மணியைக் கூட்டிக் கழித்திருக்கிறார்களா என்று புரோகிராம் முழுக்க ஐந்து, முப்பது என்று தேடியும் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. அவற்றுக்கான கணங்களை டேபிளிலிருந்து எடுக்காமல் நானே சொந்தமாகப் போட்டுக் கொடுத்திருந்தேன், பச்சை காட்டாமல் என்ன செய்யும்.

ஆறு வாரம் கழித்து ஒரு கப்பலில் ஜெனரேட்டரின் பம்ப் ஒன்று கெட்டுப்போனது. குளிர்விக்கும் தண்ணீர் குறைந்து அலாரம் அடித்திருக்கிறது, இருபத்திரண்டு நிமிடம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கப்பலில் அலாரத்தை அச்சடிக்கும் பிரின்டர் அந்த வாரம் ரிப்பேர். எஞ்சின் அறை லாக் புத்தகத்தில் எல்லா வாட்சிலும் 'நார்மல்' என்று எழுதியிருந்தது. அலாரம் எப்போது அடித்தது என்பதற்குச் சாட்சி கரையில் இருந்த என் ரிப்போர்ட் மட்டும்தான். அது காலை பத்து பத்து என்று சொன்னது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஃபோர்த் எஞ்சினியரின் வாட்ச். எஞ்சினியர்களில் கடைக்குட்டி. அவனைப் பாதியிலேயே கப்பலிலிருந்து இறக்கி, விசாரணைக்கு ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். மூன்று மணிக்கு விசாரணை. வாட்சில் தூங்கினான் என்று ஆனால் இந்தக் கம்பெனியில் அவனுக்கு இனிமேல் கப்பல் கிடையாது. வேறு கம்பெனியும் கூப்பிட்டு விசாரிக்காமல் சேர்க்காது.

விசாரணை நாளன்று பன்னிரண்டு மணி இருக்கும். தண்ணீர் பிடிக்க ரிசப்ஷன் பக்கம் போனேன். சோபாவின் நுனியில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மடியில் பிளாஸ்டிக் ஃபைலோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு ஃபோன் செய்துகொண்டிருந்தான். "இன்னும் கூப்பிடல. நீ சாப்பிடு" என்று அவன் சொன்ன தமிழ் எங்கள் வீட்டுத் தமிழ் மாதிரி இருந்தது. நான் வளர்ந்தது மாட்டுங்கா லேபர் கேம்பில், வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு. அவன் ஃபோனை வைத்ததும், எந்த ஊர் என்று கேட்டேன்.

"மான்குர்த் அக்கா. அப்பாவுக்கு நாங்குநேரிப் பக்கம்" என்று எழுந்து நின்றான். முப்பதை ஒட்டிய வயசு. படிப்பைப் பாதியில் விட்டு, வொர்க்ஷாப்பில் வேலை பார்த்து, மறுபடி படித்துக் கப்பலுக்குப் போனவனாம். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்துவிட்டு, "அந்த அலாரம் ரிப்போர்ட்டு உங்க டிபார்ட்மென்ட்டுதானாக்கா?" என்றான்.

ஆமாம் என்றேன். நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"பத்து பத்துக்கு நான் ஆயில் பியூரிஃபையர் பக்கத்துல நின்னேம்க்கா. நல்லா ஞாபகம் இருக்கு. அலாரம் அடிச்சா அங்க காதைப் பொளக்கும். ரெண்டு வாரமா இதைத்தான் சொல்லுதேன். யாரும் நம்பல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுல்லாக்கா. ஒருவேளை நின்னுகிட்டே கண்ணசந்துட்டேனோ? அப்படி நடக்குமாக்கா? எனக்கே இப்ப டவுட்டா இருக்கு" என்றான்.

அவனுக்கு நியாயம் வாங்கித் தருவதற்காகத் திரும்பிப் போனேன் என்று சொன்னால் அது பொய். என் ரிப்போர்ட் சரிதான், நான் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளத்தான் போனேன்.

டேபிளைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் எடுத்தேன். அலாரம் அடித்த நேரம் என்று இருந்தது யுடிசியில் இரண்டு மணி பத்து நிமிடம். கப்பல் எட்டு மணி நேரம் முன்னால், ஆக பத்து பத்து. சரிதானே என்று மூடப் போனேன். அப்போதுதான் கடைசியில் இன்னொரு நேரம் கண்ணில் பட்டது. தகவல் எங்களுக்கு வந்துசேர்ந்த நேரம். எந்த ரிப்போர்ட்டிலும் காட்டாத நேரம் அது, சர்வர் தானாகவே குறித்து வைப்பது. முந்தைய நாள் இருபது மணி நாற்பத்தொரு நிமிடம்.

இரண்டு தடவை படித்தேன். அலாரம் அடிப்பதற்கு ஐந்தரை மணி நேரம் முன்பே, ஒரு நிமிடம் குறைவாக, அலாரம் அடித்த செய்தி எங்களுக்கு வந்துவிட்டிருந்தது.

வேறு கப்பல், வேறு நாள் என்று பத்து வரிகள் பார்த்தேன். எல்லாச் செய்தியும் நடப்பதற்கு முன்பே வந்திருந்தது. எல்லாமே ஐந்தரை மணிக்கு ஒன்றிரண்டு நிமிடம் குறைவாக.

ஸாருடைய புரோகிராமைத் திறந்தேன். அது என் பொறுப்பில் இல்லாமல் தனியாக வைத்திருந்த புரோகிராம். அதனால்தான் என் தேடல் அங்கே போகவே இல்லை. போயிருந்தாலும் ஐந்தும் முப்பதும் அகப்பட்டிருக்காது. கப்பலிலிருந்து வந்த கணத்தைச் சரியாக இன்ஸ்டன்டாக மாற்றிவிட்டு, அடுத்த வரியிலேயே அதோடு முந்நூற்று முப்பது நிமிடத்தைக் கூட்டியிருந்தார்.

ஸார் அப்போதுதான் டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். திரையை அவர் பக்கம் திருப்பினேன். கரண்டி நின்றது.

"அதுவா. அப்போல்லாம் ஆபீஸ்ல எல்லாரும் டேபிளை நேரே திறந்து பாப்பா. யுடிசின்னா யாருக்கும் புரியாது, தினம் சண்டை. அதான் உள்ள போறச்சயே நம்ம டயமா ஆக்கிட்டேன். எடுக்கறச்ச அப்படியே எடுத்துக் காமிச்சா சரியா வந்துடும். வந்துண்டுதானே இருந்தது?"

வந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே போகும்போது ஒரு பொய், வெளியே வரும்போது இன்னொரு பொய், இரண்டும் சேர்ந்து இத்தனை வருஷம் சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. நான் வந்து இரண்டாவது பொய்யை மட்டும் திருத்தினேன். கணத்தோடு ஐந்தரை மணியைக் கூட்டினால் அது இந்திய நேரம் ஆகாது. ஐந்தரை மணி கழித்து வரும் வேறொரு கணம்தான் ஆகும். இது இங்கிலாந்துக்காரனுக்குச் செய்யத் தோன்றாது. பம்பாய் ஆபீசில் ஐந்தரையை விரலில் கூட்டியே பழகிய நம்மவர்களுக்குத்தான் தோன்றும். ஸார் மட்டுமா, நானும் எத்தனையோ இடத்தில் கூட்டியிருக்கிறேன்.

"அன்னிக்கு நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே ஸார்" என்றேன்.

"சொன்னேனே, கை வெக்காதேன்னு."

"ஏன்னு சொல்லலியே."

"நீ கேக்கலையே" என்றார். அது உண்மை. அதனால்தான் அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது.

ரிசப்ஷனில் ஒருவன் உட்கார்ந்திருப்பதையும், அவன் என்னிடம் கேட்டதையும் சொன்னேன். ஸார் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதத்தில் மாலை போட்டு, கேக் வெட்டி, நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவைக்க வேண்டிய மனுஷர். அவர் மனசில் அதுதான் ஓடியிருக்கும். என் மனசிலும் ஒன்று ஓடியது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிழை அவருடையது என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று ஓடியது.

முதலில் கணக்கைப் பார்க்க வேண்டியிருந்தது. டேபிளில் இருந்த கணத்தை எடுத்து யுடிசி கடிகாரமாக்கினேன், இரண்டு பத்து. இப்போது அந்தக் கடிகார முகத்தை மாற்றாமல், ஊரின் பெயரை மட்டும் கல்கத்தா என்று மாற்ற வேண்டும். ஜாவாவில் இந்தியா முழுதுக்கும் பெயர் கல்கத்தாதான், பம்பாய்க்குத் தனியாகக் கிடையாது. அதற்கு withZoneSameLocal என்று ஒன்று இருக்கிறது. சாதாரணமாக அதை யாரும் தொடக் கூடாது, முகத்தை வைத்துக்கொண்டு கணத்தை மாற்றிவிடும். எங்களுக்கு அன்று வேண்டியிருந்தது அதுதான், ஏனென்றால் கணம் ஏற்கனவே தப்பு. கல்கத்தாவில் இரண்டு பத்து என்றால் உண்மையான கணம் முந்தைய நாள் யுடிசி இருபது நாற்பது. செய்தி வந்தது இருபது நாற்பத்தொன்று. ஒரே நிமிட வித்தியாசம், கப்பலிலிருந்து செய்தி வர ஆகிற நேரம். இனி கணத்தைத் தொடாமல் கடிகாரத்தை மட்டும் மாற்றும் withZoneSameInstant. கப்பலின் பிளஸ் எட்டைக் கொடுத்தேன்.

அதிகாலை நாலு நாற்பது.

நாலிலிருந்து எட்டு வரை செகண்ட் எஞ்சினியரின் வாட்ச். பதினைந்து வருஷமாக அந்தக் கம்பெனியில் இருக்கிறவர். லாக் புத்தகத்தில் 'நார்மல்' என்று எழுதி, அழகாகக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

பேப்பரில் அச்சடித்துக்கொண்டு எழுந்தேன். மணி இரண்டேகால். ஸார் டப்பாவை மூடி, மேலே கைக்குட்டையைக் கட்டினார். பாதிச் சாதம் அப்படியே இருந்தது. "இரு, நானும் வரேன்" என்றார்.

ரிசப்ஷனில் சோபா காலியாக இருந்தது. சூப்பரின்டெண்டென்ட்டுக்கு வேறு மீட்டிங் வந்துவிட்டதால் சீக்கிரமே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள் என்று அங்கே இருந்த பெண் சொன்னாள். கதவைத் தட்டி உள்ளே போனபோது அவன் பேனாவை மூடிக்கொண்டிருந்தான். சூப்பரின்டெண்டென்ட் அவன் எழுதிய தாளைப் படித்துக்கொண்டிருந்தார். சாந்தமான மனுஷர், முன்னாள் சீஃப் எஞ்சினியர், குரல் உயர்த்திப் பார்த்ததில்லை. இந்தியில் எங்களிடம், முடிந்துவிட்டது, பையன் ஒத்துக்கொண்டுவிட்டான் என்றார். வாட்சில் என்னை அறியாமல் கண்ணயர்ந்திருக்கிறேன், வருந்துகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டானாம்.

பழைய புரோகிராமைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு இங்கே வந்து முடிந்திருக்கிறது என்று நினைத்தேன். உட்காரச் சொல்லாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

அச்சடித்த தாளை மேஜையில் வைத்து, ரிப்போர்ட் தப்பு என்றேன். அவர் புருவத்தைத் தூக்கினார். வந்துசேர்ந்த நேரத்தைக் காட்டினேன். அடிப்பதற்கு முன்பே அலாரம் எப்படி இங்கே வரும் என்று கேட்டேன். அவர் அந்த இரண்டு எண்களையும் விரல் வைத்துப் பார்த்தார். கப்பலில் இருந்தவருக்கு ஜாவா தெரிய வேண்டியதில்லை, கடிகாரம் தெரியும். சட்டென்று புரிந்துவிட்டது. ஆனாலும், அவனே எழுதிக் கொடுத்திருக்கிறானே என்றார்.

ஸார்தான் பேசினார். தன் மாட்டுங்கா இந்தியில், நின்றபடியே, அந்த முந்நூற்று முப்பது நிமிடத்தைக் கூட்டியது நான், இவள் அல்ல, என் பெயரைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அதற்குமேல் நான் சும்மா இருக்க முடியவில்லை. கேட்காமல் பாதியைத் திருத்தியது நான், என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். வீரம் எல்லாம் இல்லை. களைப்புதான், ஒளித்து வைப்பதற்கும் தெம்பு வேண்டும்.

சூப்பரின்டெண்டென்ட் நாலு நாற்பது என்ற இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். செகண்ட் எஞ்சினியரை அவருக்குத் தெரிந்திருக்கும், சேர்ந்து கப்பலில் போயிருக்கவும் கூடும். அப்புறம் அந்த ஒப்புதல் தாளை எடுத்து நடுவில் ஒரு கோடு இழுத்து, 'ரத்து' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். செகண்ட் எஞ்சினியரை என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டுக்கொள்ளவும் இல்லை. என் புரோகிராம் அதுவரை காட்டிய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் திரும்ப எடுக்கச் சொன்னார். அதற்குப் பல நாள் ஆனது. ஸாருக்கு மூன்று மாதம் கழித்துக் கேக் வெட்டினார்கள், பேச்சு மட்டும் சுருக்கமாக இருந்தது.

லிஃப்ட் வரைக்கும் அவனோடு நடந்தேன். நாங்கள் உள்ளே பேசியது முழுதும் நேரங்களும் எண்களுமாக இருந்தது. அவன் முகத்தில் சந்தோஷம் வரவில்லை, குழப்பம்தான் இருந்தது. லிஃப்ட் பட்டனை அழுத்திவிட்டுக் கேட்டான்.

"அப்ப நான் தூங்கலையாக்கா?"

"தூங்கினீங்க" என்றேன். "உங்க கேபின்ல, படுக்கைல. தூங்க வேண்டிய நேரத்துலதான் தூங்கினீங்க."

அவன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். கண் கலங்கியது, மறைக்க முயலவில்லை. லிஃப்ட் வந்து கதவு திறந்து மறுபடி மூடிப் போய்விட்டது. பிறகு அந்தப் பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினான்.

"இதை ஒரு பேப்பர்ல எழுதித் தருதியளாக்கா? டைம் போட்டு. வீட்ல காட்டணும். நான் தூங்கிட்டேன்னுதான் எம் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிட்டேன், நேத்து."

சுவரில் தாளை வைத்து எழுதினேன். நாலு நாற்பது என்று எழுதிக் கொடுக்கப் போனவள், கையை இழுத்துக்கொண்டு, பக்கத்திலேயே பிளஸ் எட்டு என்றும் எழுதினேன்.